ராஜினாமா கடிதம் ஒன்றரைப் பக்கம் போய்விட்டது. எதை வெட்டுவது?

படிக்கட்டு

ஆறு வருஷமாக ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேறு வேலை கிடைத்துவிட்டது. ஜூன் 10 அன்று கடிதம் கொடுக்கப் போகிறேன். ஒப்பந்தப்படி 60 நாள் முன்னறிவிப்பு. நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. காலையில் படித்துப் பார்த்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. ஆனால் எந்த வரியை எடுத்தாலும் ஏதோ மறைக்கிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் சுருக்கிக் கீழே போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

> பொருள்: ராஜினாமா தொடர்பாக
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> இந்தக் கடிதத்தை மிகவும் கனத்த மனதுடன் எழுதுகிறேன். இந்த முடிவை எடுக்கலாமா வேண்டாமா என்று பல மாதங்களாக யோசித்தேன். அப்பாவுக்கு மார்ச்சில் இதய அறுவை சிகிச்சை நடந்தது தங்களுக்குத் தெரியும். அவரை மாதம் இருமுறை பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. தினமும் போக வர மூன்று மணி நேரம் பயணத்திலேயே கழிகிறது. பணிநேரம் மாற்றப்பட்ட பிறகு வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. இதைப் பற்றி ஏற்கெனவே இருமுறை பேசியும் மாற்றம் எதுவும் இல்லை. கடந்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வராதது மனதை வருத்தியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இருப்பினும் அது மட்டுமே காரணம் அல்ல. இந்நிலையில் வீட்டுக்கு அருகிலேயே ஒரு நிறுவனத்தில் வாய்ப்பு வந்திருக்கிறது, சம்பளமும் சற்றுக் கூடுதல். எனவே ஆகஸ்ட் முதல் வாரத்திற்குள் என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு முடிக்கும் நேரத்தில் போவதற்கு மிகவும் வருந்துகிறேன். குழுவை நடுவழியில் விட்டுச் செல்வதாக நினைத்துவிட வேண்டாம். இங்கே கற்றுக்கொண்டது ஏராளம். நான் போன பிறகும் எப்போது வேண்டுமானாலும் என்னை அழைக்கலாம். தங்கள் புரிதலுக்கு நன்றி.

நேர்கோடு

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வரி எழுதுங்கள்: "நான் பணியிலிருந்து விலகுகிறேன், இன்ன தேதி கடைசி நாள்." கையெழுத்து. முடிந்தது. நன்றி, வருத்தம் எதுவும் வேண்டாம். சம்பளத்துக்கு வேலை பார்த்தோம், கணக்கு நேர். என் மூன்று ராஜினாமாவும் இப்படித்தான்.

இரவுப்பறவை

எந்தக் காரணத்தைப் போடுவது என்பதுதானே கேள்வி? அப்பா உடல்நிலை என்று போட்டுவிடுங்கள், யாரும் எதிர்த்துப் பேச முடியாது. சம்பளத்தைச் சொல்லாதீர்கள். நான் போன தடவை "உயர்கல்வி" என்று எழுதினேன். எல்லோரும் வாழ்த்திக் கேக் வெட்டி அனுப்பி வைத்தார்கள். என்ன, நான்கு மாதம் கழித்துப் புதிய கம்பெனி சார்பாக ஒரு கூட்டத்துக்குப் போனால் எதிர் நாற்காலியில் பழைய மேலாளர். "படிப்பு எப்படிப் போகிறது?" என்று கேட்டார். இன்று வரை அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

பழையகோப்பு

இரவுப்பறவை, உங்கள் கதையே உங்கள் யோசனைக்குப் பதில் சொல்லிவிட்டது. அவர் எந்தக் காரணம் என்று கேட்கவில்லை, எதை வெட்டுவது என்று கேட்கிறார்.

படிக்கட்டு, பணியாளர் பிரிவில் பதினேழு வருஷம் இந்தக் கடிதங்களை வாங்கிக் கோப்பில் போட்டவன் நான். முதலில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் "விலகுகிறேன்" என்ற சொல்லே இல்லை. தலைப்பில் "ராஜினாமா தொடர்பாக" என்று இருக்கிறது. உள்ளே "விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள். பத்து வரி காரணம் சொன்னதன் விளைவு இது. காரணங்களை அடுக்கினால் பேனா தானாகவே அனுமதி கேட்கிற பக்கம் சாய்ந்துவிடும். நீங்கள் தெரிவிக்கிறீர்கள், கேட்கவில்லை.

அடுத்தது, ஒவ்வொரு காரணமும் எதிராளி பிடித்து இழுக்கிற ஒரு கைப்பிடி. பயணம் மூன்று மணி நேரமா? வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்பார்கள். இரவு ஒன்பதரையா? பணிநேரத்தை மாற்றித் தருகிறோம். சம்பளம் சற்றுக் கூடுதலா? எவ்வளவு கூடுதல், சொல்லுங்கள். அப்பாவுக்காகவா? ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்விகளாகக்கூட இருக்கலாம். ஆனால் நான்குக்கும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றை அவர்கள் தீர்த்துவிட்டால், "அதுதான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன்?" என்று வரும். முடிவை மாற்றிக்கொள்ளத் தயார் என்றால் கடிதம் கொடுப்பதற்கு முன்பே பேசுங்கள். தயார் இல்லை என்றால் கைப்பிடியே வைக்காதீர்கள்.

மூன்றாவதாக, "இருமுறை பேசியும் மாற்றம் எதுவும் இல்லை" என்கிற வரி. கடிதத்தை வாங்குகிற உங்கள் மேலாளர் அதன் கீழே குறிப்பெழுதி, கையெழுத்துப் போட்டு, எங்களுக்கு அனுப்ப வேண்டும். அதாவது தன் மேல் வந்த புகாரைத் தானே மேலே அனுப்புகிறார். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் 60 நாளும் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கப்புறம் அந்தத் தாள் கோப்பில் தங்கிவிடும். சில வருஷம் கழித்து யாராவது உங்களைப் பற்றி விசாரித்தால், உங்களைப் பார்த்தே இராத ஒருவர்தான் அதை எடுத்துப் படிப்பார்.

படிக்கட்டு

விண்ணப்பம் மாதிரி இருக்கிறது என்பது உறைத்தது. நான் கவனிக்கவே இல்லை.

ஆனால் ஒரு சங்கடம். மேலாளருக்கு அப்பா விஷயம் முழுக்கத் தெரியும். அறுவை சிகிச்சை அன்று அவரே போன் செய்து விசாரித்தார். அவரிடம் காரணமே சொல்லாமல் தாளை நீட்டினால் நன்றிகெட்ட மாதிரி ஆகாதா? பணிநேரத்தை மாற்றியவரும் அவர்தான், நான் சேர்ந்த புதிதில் வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அதனால்தான் எழுத எழுத நீண்டது என்று நினைக்கிறேன்.

பழையகோப்பு

அவரிடம் சொல்லாதீர்கள் என்று யார் சொன்னது? தாளில் எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். முதலில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு நேரில் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றி, பயணத்தைப் பற்றி அங்கே பேசலாம். அன்றே கடிதம். அவருக்கு உங்களிடமிருந்து செய்தி வரட்டும், கோப்புக்குக் கடிதத்திலிருந்து வரட்டும். நீங்கள் இரண்டு வேலையையும் ஒரே தாளிடம் கொடுத்துவிட்டீர்கள்.

நீண்ட கடிதம் வந்தால் நான் பார்ப்பது ஒன்றுதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் "யாருக்கு?" என்று எழுதிப் பாருங்கள். "கனத்த மனதுடன்", "பல மாதங்களாக யோசித்தேன்", "நடுவழியில் விட்டுச் செல்வதாக நினைத்துவிட வேண்டாம்", இந்த மூன்றும் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட சமாதானம். அப்பா, பயணம், பணிநேரம், பதவி உயர்வு எல்லாம் மேலாளர் காதுக்கு. கோப்புக்கு என்று மிஞ்சுவது ஒரே ஒரு வரி, அந்த ஆகஸ்ட் வரி. அதுவும் தப்பாக இருக்கிறது, பிறகு வருகிறேன்.

தாழம்பூ

"எப்போது வேண்டுமானாலும் என்னை அழைக்கலாம்" என்பதை முதலில் எடுங்கள், தோழி. நானும் இதே வரியை எழுதிவிட்டு வந்தேன். ஐந்து மாதம் அழைத்தார்கள்! புதிய இடத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே பழைய ஆபீஸ் போன், "அந்தக் கோப்புக்குக் கடவுச்சொல் என்ன?" என்று. எடுக்காவிட்டால், "நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்" என்று குறுஞ்செய்தி. கடைசி நாள் வரைக்கும் என்ன செய்து முடிப்பீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். அதற்கப்புறம் உதவ வேண்டும் என்று தோன்றினால் எழுதாமலேயே உதவலாமே.

நேர்கோடு

நான் முதலில் சொன்னதைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றிச் சொல்கிறீர்கள். காரணத்தை எழுதவே கூடாது, எந்தச் சூழலிலும். எழுதினால் நமக்கு எதிராகத்தான் திரும்பும்.

பழையகோப்பு

"எந்தச் சூழலிலும்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சம்பளம் தராமல் இழுத்தடிப்பது, தொல்லை கொடுப்பது, பாதுகாப்பில்லாத வேலையில் தள்ளுவது என்று நிறுவனமே ஒப்பந்தத்தை மீறி, அதனால் ஒருவர் விலகினால் கதை வேறு. பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் அப்படி விலகுவதைப் பணிநீக்கத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டு வழக்குப் போட முடியும். அங்கே நன்றி சொல்லி இனிமையாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் சொன்னால், அந்தக் கடிதத்தையே எடுத்து முன்னால் வைப்பார்கள். அப்படிப்பட்டவர் கடிதம் எழுதுவதற்கு முன் வக்கீலையோ தொழிற்சங்கத்தையோ பார்க்க வேண்டும், இந்த இழையை அல்ல. முன்னறிவிப்பைக் குறைத்துக் கேட்கிறவரும் ஒரு வரி காரணம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அவர் நிஜமாகவே ஒரு சலுகை கேட்கிறார்.

படிக்கட்டுக்கு இரண்டும் இல்லை. அவருக்கு இருப்பது வருத்தம். அதைக் கடைசியில் வெளியேறும் நேர்காணலில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

இரவுப்பறவை

அப்படியானால் பதவி உயர்வு விஷயத்தை யாருக்குமே சொல்லாமல் போக வேண்டுமா? அடுத்து வருகிறவருக்கும் அதே நடக்குமே.

பழையகோப்பு

நியாயமான கேள்விதான். அந்த நேர்காணலில் சொன்னதால் ஏதாவது மாறியதா என்று கேட்டால், சில இடத்தில் மாறியது, பல இடத்தில் இல்லை. ராஜினாமா கடிதத்தில் எழுதியதால் மாறி நான் பார்த்ததில்லை.

படிக்கட்டு

சரி, இரண்டாவது தடவை எழுதினேன்.

> ஐயா,
>
> தனிப்பட்ட காரணங்களால் முதுநிலைக் கணக்காளர் பணியிலிருந்து விலகுகிறேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் விடைபெறுவேன். ஒப்படைப்புக்கு முழு ஒத்துழைப்புத் தருவேன். இதுவரை அளித்த ஆதரவுக்கு நன்றி.

சின்னதாகிவிட்டது. ஆனால் இதைப் படித்தால் கோபித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. அல்லது இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றின மாதிரி.

நேர்கோடு

அருமை. இப்படியே கொடுங்கள்.

ஈற்றடி

நான் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன், அலுவலக விஷயம் தெரியாது. மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் கடிதம் நீளமாக இருந்தது, ஆனால் அதிலும் கனிவு கிடையாது. "இங்கே கற்றுக்கொண்டது ஏராளம்" என்று எழுதியிருந்தீர்கள். என்ன கற்றீர்கள், யாரிடம்? உலகத்தில் யாரும் யாருக்கும் எழுதக்கூடிய வரி அது. இரண்டாவதில் "இதுவரை அளித்த ஆதரவுக்கு நன்றி" என்று இருக்கிறது, மின்கட்டண ரசீதின் அடியில் இருக்குமே, அது மாதிரி. வார்த்தையைக் கூட்டினால் கனிவு வராது. உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் வரும். மேலே நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் வேலை கற்றுக்கொடுத்தார் என்று. எப்படிக் கற்றுக்கொடுத்தார்? அதை ஒரு வரியில் எழுதுங்கள். வேறெந்த நன்றியும் தேவைப்படாது.

இன்னொன்று. "தனிப்பட்ட காரணங்களால்" என்பது காரணம் சொல்லாமல் இருப்பது இல்லை. காரணம் இருக்கிறது, உனக்குச் சொல்ல மாட்டேன் என்று சொல்வது. அதனால்தான் கோபம் மாதிரி ஒலிக்கிறது. எடுத்துவிட்டால் வாக்கியம் இன்னும் சாதுவாகிவிடும்.

பழையகோப்பு

கடைசிக் குறிப்போடு எனக்கு முழு உடன்பாடு இல்லை, ஈற்றடி. "தனிப்பட்ட காரணங்களால்" என்பதை எங்கள் பிரிவில் யாரும் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை, "ஐயா" மாதிரி அது ஒரு சம்பிரதாயம். இருந்தாலும் கெடுதல் இல்லை, எடுத்தாலும் நஷ்டமில்லை.

தேதிக்கு வருகிறேன். "ஆகஸ்ட் முதல் வாரம்" இரண்டாம் தடவையும் வந்துவிட்டது. ஜூன் 10 கொடுக்கிறீர்கள். மறுநாளை முதல் நாளாகக் கொண்டால் ஜூனில் 20 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 9. அறுபதாவது நாள் ஆகஸ்ட் 9. முதல் வாரம் ஏழாம் தேதியோடு முடிகிறது. அதாவது உங்களுக்கே தெரியாமல் இரண்டு நாள் குறைத்துக் கேட்கிறீர்கள். அந்த இரண்டு நாளுக்குச் சம்பளம் பிடித்தால், "நான் அப்படிக் கேட்கவில்லையே" என்பீர்கள். கடிதத்தில் அப்படித்தான் இருக்கும்.

சில நிறுவனங்கள் கொடுத்த நாளையே முதல் நாளாக எண்ணும், அப்போது ஆகஸ்ட் 8. ராத்திரி மின்னஞ்சல் அனுப்பினால் மறுநாள்தான் பெற்றதாக எடுத்துக்கொள்ளும் இடமும் உண்டு, அப்போது 10. அதனால் அலுவலக நேரத்தில் அனுப்புங்கள், தேதியை எண்ணால் எழுதுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் 60 நாள் என்பது நாட்காட்டி நாளா, வேலை நாளா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வேலை நாள் என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

படிக்கட்டு

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், நாட்காட்டி நாள்தான். மூன்றாவது:

> பொருள்: பணி விலகல், கடைசி நாள் ஆகஸ்ட் 9
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> முதுநிலைக் கணக்காளர் பணியிலிருந்து விலகுகிறேன். 60 நாள் முன்னறிவிப்பின்படி ஆகஸ்ட் 9 என் கடைசி நாள்.
>
> என் முதல் தணிக்கையில் கணக்கு ஒத்துவராமல் நான் தடுமாறியபோது, இரவு வரை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்தீர்கள். இன்றும் அப்படித்தான் வேலை செய்கிறேன். நன்றி.
>
> ஜூன் மாதக் கணக்கை நானே முடித்துக் கொடுக்கிறேன். என் பொறுப்பில் உள்ள வேலைகளின் பட்டியலை ஜூன் 20க்குள் தருகிறேன். யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிவித்தால் உடனே தொடங்குகிறேன். இந்த நேரத்தில் கிளம்புவதற்கு வருந்துகிறேன்.

தாழம்பூ

அந்தத் தணிக்கை வரியில் எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். முறைப்படி இரண்டு மாதம் கொடுக்கிறீர்கள், எதற்கு வருந்த வேண்டும்?

நேர்கோடு

ஆமாம், அதை எடுங்கள். மற்றது பரவாயில்லை. நான் இவ்வளவு எழுத மாட்டேன், ஆனால் பரவாயில்லை.

பழையகோப்பு

ஜூன் மாதக் கணக்கு என்று குறிப்பிட்டுச் சொன்னீர்களே, அதுதான் "முழு ஒத்துழைப்பு" என்பதை விட எங்களுக்கு வேண்டியது. மேலாளர் அதைப் படித்ததும் அவர் மனதில் ஓடுகிற முதல் பயம் தீர்ந்துவிடும். ஒரே ஒரு கேள்வி, ஜூன் 20 நிச்சயமாக முடியுமா? முடியாது என்றால் இப்போதே 25 என்று போடுங்கள். எழுத்தில் கொடுத்த தேதி அது.

வருத்த வரி இருக்கட்டுமா என்பது உங்கள் இஷ்டம். முன்பு அது மன்னிப்புக் கேட்பது மாதிரி இருந்தது, இப்போது வெறும் மரியாதை. நானாக இருந்தால் எடுத்துவிடுவேன்.

அனுப்பியதும் உங்கள் சொந்த முகவரிக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளன்று அலுவலக மின்னஞ்சலை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

படிக்கட்டு

இன்று கொடுத்துவிட்டேன். 20ஐ 25 ஆக்கினேன். வருத்த வரியை எடுக்கவில்லை. நிஜமாகவே வருத்தம்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் அவர் அறையில் போய்ச் சொன்னேன். காரணம் கேட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, அப்பாவுக்கு அதுதான் வசதி என்று இரண்டே வாக்கியம். பணிநேரத்தை மாற்றித் தரட்டுமா என்றார். முடிவு எடுத்துவிட்டேன் சார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அந்தத் தணிக்கை உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது வேறு குழப்பம். எச்.ஆர். தளத்திலும் ராஜினாமாவைப் பதிவு செய்யச் சொன்னார்கள். அங்கே காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல் நகரவே விடவில்லை, ஏழெட்டுத் தேர்வுகள் இருக்கின்றன. "தனிப்பட்ட காரணம்" என்பதைத் தட்டினேன் (ஈற்றடி மன்னிக்கவும்). கடைசி நாளாக அதுவே ஆகஸ்ட் 8 என்று போட்டுக்கொண்டது. கடிதத்தில் 9 இருக்கிறது.

பழையகோப்பு

கொடுத்த நாளையே முதல் நாளாக எண்ணுகிற மென்பொருள். இன்றே எச்.ஆருக்கு இரண்டு வரி அனுப்புங்கள்: கடிதத்தில் 9, தளத்தில் 8, எது சரி என்று உறுதி செய்யவும். வாயால் கேட்காதீர்கள்.

இரவுப்பறவை

அந்தப் பட்டியலில் "உயர்கல்வி" இருக்கிறதா?

படிக்கட்டு

மூன்றாவதாக இருக்கிறது.